“பாட்டிகூட இயக்கலாம்” என்பதில் என்ன தவறு?

கேள்வி: ஈரோட்டில் வீட்டு உபயோகப் பொருள் கடை வைத்திருக்கிறேன். தீபாவளி நோட்டீஸுக்கு எழுதிய வாசகத்தைப் படித்த என் மகள், “இதைப் பார்த்தால் நான் உங்கள் கடைக்கே வரமாட்டேன்” என்கிறாள். வாசகம் இதுதான்: “அம்மாவின் சுமை குறைய மிக்சி! அப்பா நிம்மதியாக மேட்ச் பார்க்க டிவி! பாட்டிகூட இயக்கும் வாஷிங் மெஷின்! அக்ரகாரத்துச் சுத்தம் தரும் வாட்டர் பியூரிஃபையர்!” அச்சுக்குக் கொடுக்கும் முன் எதை, எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: மூன்றாவது வரியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நீங்கள் பாராட்டாக நினைத்து எழுதிய வரி அதுதான். தமிழில் ஒருவரை மட்டம் தட்டப் பெரிய சொல் எதுவும் தேவையில்லை, “கூட” என்ற இடைச்சொல் ஒன்றே போதும். “பாட்டிகூட இயக்கும்” என்றால், பாட்டிக்கு எதுவும் புரியாது என்பதை வாசகர் முன்பே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுகிறது. “பெண்களாலும் ஓட்ட முடியும்” என்பதில் வரும் “உம்” செய்வதும் இதே வேலைதான். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வாகன விற்பனையாளருக்கு நானே “பெண்களும் எளிதாக ஓட்டலாம்” என்று எழுதிக் கொடுத்தேன். இருபது வருடமாக வண்டி ஓட்டும் ஓர் ஆசிரியை கடைக்கு வந்து, “அந்த ‘உம்’ எதற்கு?” என்று கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆகவே முதல் வேலையாக ஒரு பேனாவை எடுத்து, மனிதர்களைக் குறிக்கும் சொற்களோடு ஒட்டி வரும் “கூட”, “உம்”, “ஆனாலும்” ஆகியவற்றை வட்டமிடுங்கள். வட்டமிட்டதை நீக்கிப் படித்தால் வாக்கியம் சப்பென்று ஆகிறதா என்று பாருங்கள். ஆகிறது என்றால், அந்த வரியின் சுவை பொருளிலிருந்து வரவில்லை, யாரோ ஒருவரைக் குறைத்ததிலிருந்து வந்திருக்கிறது.

முதல் இரண்டு வரிகளில் சிக்கல் வேறு. தனித்தனியே படித்தால் இரண்டிலும் பெரிய குற்றமில்லை, அடுத்தடுத்து வரும்போதுதான் வேலை அம்மாவுக்கும் ஓய்வு அப்பாவுக்கும் என்று பங்கு பிரிந்துவிடுகிறது. இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் (ஆஸ்கி) 2022இல் வெளியிட்ட பாலினச் சித்திரிப்பு வழிகாட்டுதலும் ஏறத்தாழ இந்த இடத்தில்தான் கோடு போடுகிறது. பெண் சமைப்பதாகவோ துவைப்பதாகவோ காட்டுவது தவறல்ல. வீட்டார் குப்பை போட்டுவிட்டு உட்கார்ந்திருக்க, சுத்தம் செய்வது அவள் ஒருத்தியின் பொறுப்பு என்பதுபோல் காட்டுவதே தவறு. ஆஸ்கி அரசு அமைப்பல்ல, விளம்பரத் துறை தனக்குத் தானே வைத்துக்கொண்ட கண்காணிப்பு. உங்கள் நோட்டீஸ் அதுவரை போகாமலே இருக்கலாம், ஆனால் ஒரு வாசகத்தை எடைபோட அந்த வரையறை நல்ல தராசு.

இடம் மாற்றிப் பார்க்கும் சோதனை ஒன்றும் உண்டு: “அப்பாவின் சுமை குறைய மிக்சி, அம்மா நிம்மதியாக மேட்ச் பார்க்க டிவி” என்று வாய்விட்டுப் படியுங்கள். கேட்பவருக்குச் சிரிப்பு வந்தால், பழைய வாசகம் வழக்கத்தின் தோளில்தான் நின்றது என்று தெரிந்துவிடும். ஆனால் சிரிப்பு வருகிறதே என்று அதையே விளம்பரமாக்கிவிடாதீர்கள். சமைக்கத் தெரியாமல் தடுமாறும் ஆணை வைத்துச் செய்யும் நகைச்சுவையும் அதே வார்ப்புதான்.

நான்காவது வரியை ஒட்டுப்போட முடியாது, முழுதாக எடுத்துவிடுங்கள். ஒரு தெருவின் பெயரைச் சுத்தத்துக்கு அடையாளமாக வைத்தால், மற்ற தெருக்களில் இருப்பவர்கள் சுத்தமற்றவர்கள் என்ற பொருள் சொல்லாமலே வந்து சேரும். நம் ஊரில் தண்ணீரையும் தீட்டையும் சேர்த்துப் பேசிய வரலாறு இருக்கும்போது, வாட்டர் பியூரிஃபையர் விளம்பரத்தில் அது இன்னும் கூர்மையாகக் குத்தும். இடம் மாற்றும் சோதனை இங்கே உதவாது. எந்தச் சாதியின் பெயரை வைத்தாலும் வாக்கியம் கெட்டதுதான்.

நான் எழுதியிருந்தால் இப்படி வந்திருக்கும்: “காலை அவசரத்தில் சட்னி அரைக்க மிக்சி. வீடே உட்கார்ந்து மேட்ச் பார்க்க டிவி. பொத்தான்களில் பெரிய தமிழ் எழுத்துள்ள வாஷிங் மெஷின். உங்கள் வீட்டுத் தண்ணீரைச் சோதித்துப் பார்த்து, ஏற்ற பியூரிஃபையரை நாங்களே சொல்கிறோம்.” மூத்தவர்களுக்கு ஏற்றது என்று சொல்வதில் தவறில்லை, எதனால் ஏற்றது என்பதைப் பொருளின் மேல் வைத்துச் சொல்ல வேண்டும். எழுத்து பெரிது என்றால் அது மெஷினின் தகுதி, பாட்டியின் குறையல்ல. மெஷினில் அப்படிப்பட்ட எழுத்து உண்மையிலேயே இருந்தால் மட்டும் இந்த வரியைப் போடுங்கள்.

திருத்தியதை மகளிடமும், கடையில் வேலை செய்யும் மூத்தவர் ஒருவரிடமும், உங்கள் சமூகத்தைச் சேராத ஒரு வாடிக்கையாளரிடமும் தனித்தனியாகக் காட்டுங்கள். “நன்றாக இருக்கிறதா?” என்று கேட்டால் முகத்துக்காக ஆமாம் என்பார்கள். “இந்த வீட்டில் யார் என்ன செய்கிறார்கள் என்று தோன்றுகிறது?” என்று கேளுங்கள். கடைசியாக, படத்தோடு சேர்ந்த அச்சுப்படியை ஒருமுறை பார்க்காமல் ஒப்புதல் கொடுக்காதீர்கள். நீங்கள் “வீடே உட்கார்ந்து” என்று எழுதியிருக்க, வடிவமைப்பாளர் பழைய கோப்பிலிருந்து சோபாவில் அப்பாவையும் பின்னால் காபித் தட்டோடு நிற்கும் அம்மாவையும் எடுத்து ஒட்டியிருப்பார்.