போட்டோவைத் தஞ்சாவூர் ஓவியம் போல மாற்றும்போது தங்கம் ஏன் மஞ்சளாகவே தெரிகிறது?

கேள்வி: பரதநாட்டிய உடையில் தங்கச்சி நிற்கும் போட்டோ ஒன்று இருக்கிறது. அதைத் தஞ்சாவூர் ஓவியம் மாதிரி தட்டையான உருவம், தங்க ரேக்கு, அலங்கார பார்டரோடு மாற்ற வேண்டும். கிம்ப்பில் போஸ்டரைஸ் போட்டு, நகைக்கெல்லாம் மஞ்சள் அடித்தும் பார்த்தேன், தங்கம் மாதிரியே இல்லை. என்ன செய்யலாம்?

பதில்:

நிறத்தை எவ்வளவு மாற்றினாலும் அது தங்கமாகாது, ஏனென்றால் அசல் தஞ்சாவூர் ஓவியத்தில் ரேக்கு சமதளத்தில் இருப்பதில்லை. சுக்கான் பொடியும் பசையும் கலந்த மக்கை நகை, தூண், வளைவு இருக்கும் இடங்களில் புடைப்பாக வைத்து, அதன்மேல்தான் ரேக்கு ஒட்டுவார்கள். அந்த மேட்டில் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல் என்று விழுவதால்தான் அது தங்கமாகத் தெரிகிறது. அதனால் உங்களுக்கு வேண்டியது புடைப்பு.

முதலில் உருவத்தை முடித்துவிடுங்கள். போஸ்டரைஸ் போட்டால் மூக்கு நிழலும் தாடை நிழலும் திட்டுத் திட்டாக நிற்கும், அதை எந்த ஃபில்டரும் ஒழுங்காக எடுக்காது. போட்டோவைக் கீழ் லேயரில் வைத்து, மேலே புது லேயரில் கோட்டுருவத்தைக் கையால் வரைந்துவிடுவதே நல்லது. முகம், கை, ரவிக்கை, புடவை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு நிறம் நிரப்பி, ஓரத்தில் மட்டும் மெல்லிசாக ஒரு நிழல் கொடுங்கள். கோட்டுக்குக் கறுப்பு வேண்டாம், அடர்ந்த அரக்கு நிறம் போதும். கண்ணைக் கொஞ்சம் பெரிதாக்கி, முகத்தை உருண்டையாக்கினால் அந்த பாணி தானாக வந்துவிடும். (தங்கச்சி கோபித்துக்கொண்டால் நான் பொறுப்பில்லை.) பின்னணிக்கு அடர் சிவப்போ பச்சையோ வையுங்கள், வெளிர் நிறத்தில் தங்கம் எடுபடாது.

இப்போது தங்கம். படம் 3000 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொள்கிறேன். முழுக் கறுப்பாக ஒரு லேயர் எடுத்து, ரேக்கு வர வேண்டிய இடங்களை மட்டும் அதில் வரையுங்கள்: நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம், புடவைக்கரை, இரண்டு தூண், மேலே வளைவு. அடித்தளம் நடுத்தரச் சாம்பல், அதன்மேல் வரும் முத்து வரிசையும் கொடியும் வெள்ளை. முத்து ஒவ்வொன்றும் சுமார் 20 பிக்சல் இருக்கட்டும். பிறகு அந்த லேயருக்கு `Gaussian Blur` 4 பிக்சல் அளவில் கொடுத்தால் விளிம்பு மழுங்கி உருண்டையாகும், இல்லாவிட்டால் கத்தியால் வெட்டிய அட்டை மாதிரி இருக்கும். இதுதான் உங்கள் மக்கு.

அடுத்து `808080` நிறத்தில் இன்னொரு லேயர். அதில் `Filters > Map > Bump Map` போய், மக்கு லேயரை உள்ளீடாகக் கொடுத்து, `Azimuth` 135, `Elevation` 45, `Depth` 10-இல் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போங்கள். சாம்பலில் செதுக்கிய சிற்பம் போல ஒன்று வரும். அதற்கு மூன்று நிறம் கொண்ட ஒரு கிரேடியன்ட் செய்து `Colors > Map > Gradient Map` போடுங்கள்:

```
4A2C0A  நிழல்
B8862B  நடு
FFE9A8  மினுக்கு
```

மினுக்கு நிறம் மேட்டின் வெளிச்சமான ஓரத்தில் மட்டும் வரும்படி கிரேடியன்டில் அதன் இடத்தை நகர்த்தி அமையுங்கள், அது அதிகமானால் பித்தளையாகிவிடும். கடைசியில் மாஸ்க் போட்டு, வரைந்த இடத்தைத் தவிர மீதியை மறைத்துவிடுங்கள்.

பார்டரில் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. இடது தூணைத் தங்கமாக்கி முடித்தபின் அதைக் காப்பி எடுத்து வலதுபக்கம் திருப்பி வைப்பார்கள். அப்படிச் செய்தால் வெளிச்சமும் சேர்ந்து திரும்பிவிடும். இடதுபக்க முத்துக்கு இடமேல் மூலையில் மினுக்கு இருக்கும், வலதுபக்க முத்துக்கு வலமேல் மூலையில் இருக்கும், ஏதோ ஒன்று ஒட்டவில்லை என்று கண்ணுக்குத் தோன்றும், ஆனால் என்னவென்று சட்டென்று பிடிபடாது. மேல் பட்டையைத் தலைகீழாகத் திருப்பிக் கீழே வைத்தால் இன்னும் மோசம், முத்தெல்லாம் குழியாகவே தெரியும். ஆகவே திருப்புவதை எல்லாம் மக்கு லேயரிலேயே முடித்துவிட்டு, முழுப் படத்துக்கும் ஒரே தடவை `Bump Map` போடுங்கள். வரையும்போதே `Symmetry Painting`-இல் `Mirror` வைத்துக்கொண்டால் பாதி வேலைதான்.

சிவப்பு, பச்சைக் கற்களைத் தங்கத்துக்கு மேலே தனி லேயரில் வையுங்கள், ஒவ்வொன்றிலும் இடமேல் பக்கமாக ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி.

அப்புறம், பிரின்ட் எடுப்பதாக இருந்தால் முதலில் ஒரு ஓரத்தை மட்டும் அச்சடித்துப் பாருங்கள். சாதாரண மையில் உலோக மினுக்கு வராது, மேட் தாளில் நடு நிறம் கடுகு மாதிரி மங்கிவிடும். அப்படி ஆனால் நிழலை இன்னும் கருப்பாக்குங்கள், மஞ்சளைக் கூட்ட வேண்டாம்.