‘புண்பட்டிருந்தா’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். 200 கிராம் வெள்ளி குறைந்ததும் ஆட்கள் முன்னால் தம்பியைச் சந்தேகப்பட்டுப் பேசிவிட்டேன். மறுநாள் கம்பி டப்பாவிலேயே கிடைத்தது. ‘மனசு புண்பட்டிருந்தா மன்னிச்சுக்கோ, டென்ஷன்ல பேசிட்டேன்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒரு மாதமாகப் பதில் இல்லை. பெரியப்பாவை வைத்துப் பேசலாமா?

பதில்: பெரியப்பா வேண்டாம், நீங்களே போங்கள்.

உங்கள் செய்தியைத் தம்பியின் இடத்தில் இருந்து படித்துப் பாருங்கள். ‘புண்பட்டிருந்தா’ என்றால், புண்பட்டதா என்பதே உங்களுக்குச் சந்தேகம் என்று ஆகிறது. அப்புறம் ‘டென்ஷன்’. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அந்தச் சொல் வந்ததும் தப்பு உங்களை விட்டு நழுவி டென்ஷன் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது.

நேரில் போய், செய்ததைச் செய்தபடியே சொல்லுங்கள்: “டப்பாவைக்கூடப் பார்க்காம, ஆளுங்க முன்னாடி உன்னைத் திருடன் மாதிரி பேசினேன். தப்பு என்னுது. அவங்க முன்னாடியே அதைச் சொல்றேன்.” அங்கேயே நிறுத்துங்கள். ‘மன்னிச்சிட்டேன்னு சொல்லு’ என்று கெஞ்ச வேண்டாம். 2016-இல் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ராய் லெவிக்கி குழுவினர் மன்னிப்பின் ஆறு கூறுகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பொறுப்பை ஏற்பது முதலிலும், கெட்டதைச் சரிசெய்து தருவது அடுத்தும், மன்னிக்கும்படி வேண்டுவது கடைசியிலும் வந்தன.

தம்பி பழைய கணக்கையெல்லாம் எடுத்துக் கொட்டுவார். கொட்டட்டும். “அதான் சொல்லிட்டேனே, இன்னும் என்ன?” என்று நீங்கள் கேட்ட நிமிடம் எல்லாம் போச்சு. என்னிடம் வரும் குடும்பங்களில் பாதி இந்த இடத்தில்தான் உடைகிறது.

நடுவில் வரும் பெரியவர்களைப் பற்றி எனக்குத் தீராத கோபம் உண்டு. ‘ரெண்டு பேர் மேலயும் தப்பு, கையைக் குடுங்க’ என்று பத்து நிமிடத்தில் முடித்துவைப்பார்கள். தம்பி மேல் என்ன தப்பு? ஸ்டேஷனில் எழுதி வாங்கும் சமாதானக் கடிதமும் இதே கதைதான். ஃபைல் மூடப்படும், மனசு மூடாது. காசு வாங்கிக்கொண்டு சமரசம் பேசுகிறவர்களை வாசலிலேயே நிறுத்துங்கள்.

ஒன்றில் மட்டும் கவனம். ‘என்னைப் பார்க்க வராதே’ என்று தம்பி சொல்லியிருந்தால் போகக் கூடாது. தெருமுனையில் காத்திருப்பது, அவர் மனைவிக்குப் போன் போடுவது, பிள்ளைக்குத் துணி வாங்கி அனுப்புவது, கோயிலில் எதிரே போய் நிற்பது, எதுவும் கூடாது. அவருடைய நிம்மதிக்குப் பதிலாக உங்கள் மனபாரத்தை இறக்குவதாகவே அது முடியும். மேலே சொன்னதையே ஒரு தாளில் எழுதி அனுப்பிவிட்டு, அவராக வரும்வரை விட்டுவிடுங்கள்.

தம்பி சம்மதித்தால், கூலி போடும் நாளில் எல்லா ஆட்களும் இருக்கும்போது சொல்லுங்கள். வெள்ளி கம்பி டப்பாவில் கிடந்ததையும் அப்போதே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால், திருடிய தம்பியை அண்ணன் மூடி மறைக்கிறார் என்றுதான் பட்டறையில் பேசிக்கொள்வார்கள்.