மெழுகுவர்த்தியில் தொடங்கு

"அத்தை, பாடப்புத்தகம் தவிர அறிவியல் புத்தகம் எதுவும் நான் படித்ததில்லை. கருந்துளை பற்றி ஒன்று எடுத்தேன், 40 பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. எனக்கு 14 வயதுதான். முதலில் எதைப் படிக்கட்டும்? எந்த வரிசையில்?"

அன்பு மருமகளே,

நாலு புத்தகம் சொல்கிறேன். ஃபாரடே, டார்வின், காமோவ், ஃபெய்ன்மன். இதே வரிசையில் படி.

நீ 40 பக்கத்தில் நின்றதற்குக் காரணம் உன் வயது இல்லை. கருந்துளையை யாரும் பக்கத்தில் போய்ப் பார்க்க முடியாது. எழுதியவர் சொல்வதை நம்பித்தான் ஒவ்வொரு பக்கத்தையும் தாண்ட வேண்டியிருக்கும். இத்தனை வருடம் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்த எனக்கே அப்படிப் படிப்பது சீக்கிரம் அலுத்துவிடும். அதனால், சொல்வதை நீயே செய்து பார்க்கக்கூடிய புத்தகத்தில் உன்னை உட்கார வைக்கிறேன்.

முதல் புத்தகம் மைக்கேல் ஃபாரடேயின் 'தி கெமிக்கல் ஹிஸ்டரி ஆஃப் எ கேண்டில்'. ஃபாரடே புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை கற்றவர். பைண்டு செய்ய வந்த புத்தகங்களைப் படித்துத்தான் அறிவியலுக்குள் வந்தார். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர் சிறுமியருக்காக அவர் ஆற்றிய ஆறு உரைகள் 1861இல் புத்தகமாக வந்தன. ஆறு உரைகளுக்கும் பொருள் ஒரே ஒரு மெழுகுவர்த்தி. பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

முதல் உரையில் ஒரு சோதனை வரும். அங்கே புத்தகத்தை மூடிவிட்டு செய்து பார். வீட்டில் பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும், தலைமுடியைக் கட்டிக்கொள், வர்த்தியைத் தட்டில் நிறுத்து, ஃபேனை நிறுத்து. வர்த்தி சில நிமிடம் நன்றாக எரியட்டும். பிறகு மெதுவாக ஊதி அணை. திரியிலிருந்து வெள்ளையாக ஒரு புகை நூல் போல மேலே போகும். உடனே எரியும் தீக்குச்சியை அந்தப் புகைக்குள், திரிக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே பிடி. தீ புகை வழியாகவே கீழே ஓடி வந்து திரியைப் பற்றவைக்கும். குச்சி திரியைத் தொட்டிருக்காது.

முதல் தடவை பெரும்பாலும் வராது. பலமாக ஊதினால் புகை கலைந்துவிடும். வர்த்தியை அணைத்த பிறகு குச்சியைக் கொளுத்தினால் நேரம் கடந்துவிடும். வர்த்தியை அணைப்பதற்கு முன்பே குச்சி உன் கையில் எரிந்துகொண்டிருக்க வேண்டும். புகை நேராக, உடையாமல் ஏறுகிறதா என்று பார். வளைந்து அலைந்தால் அறையில் காற்று ஓடுகிறது என்று அர்த்தம்.

நாம் புகை என்று சொல்வது எரிந்து முடிந்த சாம்பல் இல்லை, இன்னும் எரியாத மெழுகு. திரி உருகிய மெழுகை மேலே உறிஞ்சுகிறது, சூட்டில் அது ஆவியாகிறது, எரிவது அந்த ஆவிதான். சுடரை அணைத்ததும் ஆவி குளிர்ந்து பொடிப்பொடித் துளியாகி வெள்ளையாகத் தெரிகிறது. இதை நம்ப மனம் வரவில்லையா? இரண்டாம் உரைக்குப் போ. ஒரு தாளைச் சுடரின் நடுவில் குறுக்காக ஒரு கணம் பிடித்து, தீப்பற்றும் முன் எடுத்துவிடச் சொல்வார். (பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்துக்கொள்.) தாளில் கரும்புள்ளி விழாது, கரு வளையம் விழும். காற்று படும் ஓரத்தில்தான் எரிதல் நடக்கிறது. நடுவில் இருப்பது எரியக் காத்திருக்கும் ஆவி. இரண்டு சோதனையும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்வதைக் கவனி. எனக்கு இந்தப் புத்தகத்தில் ரொம்பப் பிடித்த இடம் அது.

மூன்றாம் உரையிலிருந்து பொட்டாசியம், ஹைட்ரஜன் என்று வரும். அவற்றைப் படிப்பதோடு நிறுத்திக்கொள், வீட்டில் வேண்டாம். 'கார்பானிக் ஆசிட்' என்று வருகிற இடத்தில் கார்பன் டை ஆக்ஸைடு என்று படித்துக்கொள். கடைசி உரையில் வர்த்தி எரிவதையும் நாம் மூச்சு விடுவதையும் ஒன்றாக வைத்துப் பேசுவார். அங்கே போவதற்குள் அவசரப்படாதே, வாரம் ஒரு உரை போதும்.

அப்புறம் டார்வின். பரிணாமம் பற்றிய பெரிய புத்தகம் இல்லை, மண்புழு பற்றி 1881இல், இறப்பதற்கு முந்தைய ஆண்டு, அவர் வெளியிட்டது. தலைப்பு நீளமானது: 'தி ஃபார்மேஷன் ஆஃப் வெஜிடபிள் மோல்ட் த்ரூ தி ஆக்‌ஷன் ஆஃப் வார்ம்ஸ்'. இதுவும் இலவசமாகக் கிடைக்கும். மண்புழு தன் வளைக்குள் இலையை இழுத்துக்கொள்ளும்போது எந்த முனையைப் பிடிக்கிறது, தெரிந்து பிடிக்கிறதா என்று அவருக்குச் சந்தேகம். காகிதத்தில் நீள முக்கோணங்கள் வெட்டி, ஈரத்தில் துவண்டுவிடாமல் இருக்கக் கொழுப்பைத் தடவி, புழுக்கள் இருக்கும் இடத்தில் போட்டார். புழுக்கள் இழுத்துக்கொண்ட 303 முக்கோணங்களை எண்ணிப் பார்த்தார். கண்மூடித்தனமாக இழுத்திருந்தால், அகலமான அடிப்பக்கம்தான் அதிகம் மாட்டியிருக்க வேண்டும். ஆனால் 62 சதவீதம் கூர்முனையைப் பிடித்து இழுக்கப்பட்டிருந்தன. வளைக்குள் எளிதாக நுழைவதும் அந்த முனைதான்.

இன்னொரு இடம். 1842இல் வயலில் சுண்ணாம்புக்கல் துண்டுகளைப் பரப்பிவிட்டு, 29 ஆண்டு காத்திருந்து, 1871இல் குழி வெட்டிப் பார்க்கிறார். கற்கள் 7 அங்குல ஆழத்தில் ஒரு கோடாகக் கிடக்கின்றன. புழுக்கள் மண்ணைத் தின்று மேலே கொண்டுவந்து போட்டுக்கொண்டே இருந்திருக்கின்றன. நீயே வகுத்துப் பார்: ஆண்டுக்குச் சுமார் 6 மில்லிமீட்டர். நடுவில் வயல் வயலாக அளவுகள் வரும் பக்கங்கள் உனக்கு நீளமாகத் தெரியலாம். தாண்டிப் போ, தப்பில்லை.

மூன்றாவது இயற்பியலாளர் ஜார்ஜ் காமோவின் 'ஒன் டூ த்ரீ இன்ஃபினிட்டி', 1947. முடிவிலிகளை எப்படி எண்ணுவது என்று தொடக்கத்திலேயே வரும். இரட்டைப்படை எண்கள் எத்தனையோ, முழு எண்களும் அத்தனைதான் என்பார். 1க்கு 2, 2க்கு 4, 3க்கு 6 என்று ஜோடி சேர்த்து ஒரு பக்கம் எழுதிப் பார், யாரும் மிச்சமாக மாட்டார்கள். இங்கே உன் சோதனைச்சாலை பேனாவும் தாளும். உயிரியல் பகுதியை மட்டும் பழைய செய்தி என்று நினைத்துப் படி; டிஎன்ஏவின் வடிவம் தெரிந்ததே 1953இல்தான்.

கடைசியாக இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மனின் 'சிக்ஸ் ஈஸி பீசஸ்'. கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கு அவர் நடத்திய வகுப்புகளிலிருந்து எடுத்தது. பெயரில் 'ஈஸி' என்று இருந்தாலும் ஆறும் ஒரே அளவு எளிது இல்லை. முதல் அத்தியாயம் அணுவைப் பற்றியது, அது உனக்குப் புரியும். ஓர் ஆப்பிளைப் பூமி அளவுக்குப் பெரிதாக்கினால் அதிலுள்ள அணு ஒவ்வொன்றும் பழைய ஆப்பிள் அளவு இருக்கும் என்று அதில் ஒரு கணக்கு வரும். ஆறாவது அத்தியாயத்தைப் பதினொன்றாம் வகுப்புக்கு வைத்துக்கொள்.

நாலும் முடிந்த பிறகு வேறு புத்தகம் தேடும்போது நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, 'இது எப்படித் தெரிந்தது?' என்ற கேள்விக்கு அங்கே பதில் இருக்கிறதா என்று பார். நாலைந்து பக்கம் புரட்டியும் வெறும் முடிவுகளாகவே இருந்தால் வைத்துவிடு. அந்தக் கருந்துளைப் புத்தகத்தைத் தூக்கிப் போடாதே. ஃபெய்ன்மன் முடித்ததும் 41ஆம் பக்கத்திலிருந்து திற.

இந்த ஞாயிற்றுக்கிழமை வர்த்தி சோதனையைச் செய்துவிட்டு எனக்கு எழுது. தீ எத்தனை அங்குலம் தாவியது என்று ஸ்கேலில் அளந்து எழுது. இரண்டு அங்குலத்தில் வந்தால் மூன்று, அப்புறம் நாலு என்று உயர்த்திப் பார். எந்த உயரத்தில் நின்றுபோகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
அத்தை