தடுப்புச் சுவருக்குப் பின்னால்: எத்தனை குழாய், எவ்வளவு ஜல்லி?

கேள்வி (கோத்தகிரி): வீட்டுக்குப் பின்புறம் 15 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரத்தில் கருங்கல் தடுப்புச் சுவர் கட்டுகிறோம். அடி அகலம் 1.2 மீட்டர், தலை அகலம் அரை மீட்டர். முன்முகம் செங்குத்து, சரிவு மண் பக்கம். பின்னால் சேரும் தண்ணீரை வெளியே வடியவிடும் வீப் ஹோலுக்கு எத்தனை குழாய் வாங்க வேண்டும்?

பதில்: முதல் வரிசை முன்பக்கத் தரையிலிருந்து 30 செ.மீ. மேலே இருக்கட்டும். அதற்கு மேல் ஒவ்வொரு மீட்டருக்கு ஒரு வரிசை; ஆக 0.3, 1.3, 2.3 மீட்டரில் மூன்று வரிசைகள். கிடைவாக்கில் ஒன்றரை மீட்டர் இடைவெளி விட்டு, இரு முனைகளிலும் முக்கால் மீட்டர் தள்ளித் தொடங்கினால் அடி வரிசையில் 10 வரும். நடு வரிசைக் குழாய்களைக் கீழுள்ளவற்றின் இடைவெளிகளுக்கு நேராக வையுங்கள், அது 9. மேல் வரிசை மறுபடி 10. மொத்தம் 29.

நீளத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். சுவர் மேலே போகப் போக ஒடுங்குவதால் குழாயும் குறையும். வெளியே 5, உள்ளே 10 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்க விட்டால் அடி வரிசைக்கு 1.28, நடுவில் 1.05, மேலே 0.81 மீட்டர். கூட்டினால் 30.35 மீட்டர். 6 மீட்டர் நீளமுள்ள 75 மி.மீ. பி.வி.சி. குழாய் ஆறு வாங்குங்கள். ஐந்து வாங்கினால் கடைசித் துண்டுக்காக மறுபடி கடைக்கு ஓட வேண்டும். உள்முனையைவிட வெளிமுனை 5 செ.மீ.யாவது தாழ்ந்திருக்கட்டும்.

கேள்வி (ஒரு மேஸ்திரி): பின்னால் ஜல்லி போட்டால் 2 மீட்டருக்கு ஒரு குழாய் போதும். நான் அப்படித்தான் கட்டுகிறேன், எதுவும் விழவில்லை.

பதில்: பாதி சரி. ஜல்லிக்குள் தண்ணீர் பக்கவாட்டிலும் ஓடி அடுத்த குழாயைத் தேடிக்கொள்ளும். ஆனால் உங்கள் கணக்கில் ஒன்று அடைத்தால் 4 மீட்டருக்கு வழியில்லை. நெடுஞ்சாலைப் பணிகளில் 1 மீட்டருக்கு ஒன்று கேட்பார்கள். நான் ஒன்றரையில் நிற்கிறேன். இதில் நாம் இருவரும் ஒத்துப்போக மாட்டோம் என்று நினைக்கிறேன்.

கேள்வி (அதே கோத்தகிரிக்காரர்): ஜல்லி எத்தனை யூனிட் சொல்வது? பின்பக்கம் சரிவாக இருப்பதால் கணக்கு குழம்புகிறது.

பதில்: சரிவைக் கண்டு பயப்பட வேண்டாம். ஜல்லியின் கனத்தைக் கிடைமட்டமாக அளந்தால், நேர் உயரத்தைப் பெருக்கினாலே போதும்; சாய்வு நீளத்தை எடுத்தால்தான் தப்பு. அடிக் குழாய் மட்டத்துக்குக் கீழே களிமண்ணை இடித்து இறுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் அஸ்திவாரத்துக்குள் இறங்கும். தலையிலும் 30 செ.மீ.க்குக் களிமண் மூடி. நடுவில் மிஞ்சும் உயரம் 2.4 மீட்டர். கனம் 30 செ.மீ. என்றால்:

15 × 2.4 × 0.3 = 10.8 கன மீட்டர், அதாவது சுமார் 381 கன அடி. இறுகுவதற்கும் சிந்துவதற்கும் பத்து சதவீதம் கூட்டினால் 419. நூறு கன அடி ஒரு யூனிட் என்பதால் 4.2 யூனிட்.

சுவரை ஒட்டி ஒன்றரை அங்குல ஜல்லி, அடுத்து முக்கால் அங்குல ஜல்லி, மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவே ஜியோ டெக்ஸ்டைல் துணி. வெறும் பெரிய ஜல்லியை மண்ணோடு ஒட்டிப் போட்டால் இரண்டு மழையில் செம்மண் இடுக்குகளில் புகுந்து உட்கார்ந்துவிடும். கிரஷர் தூள் கலந்த ஜல்லி வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

கேள்வி (சேலம்): எங்கள் காம்பவுண்டுச் சுவரின் அடியில் ஈரம் ஏறிப் பூச்சு உதிர்கிறது. வீப் ஹோல் போட்டால் நிற்குமா?

பதில்: நிற்காது. இரு பக்கமும் ஒரே மட்டத் தரை என்றால், தள்ளும் தண்ணீர் அங்கே இல்லை. உங்களுடையது தரையிலிருந்து ஈரம் உறிஞ்சும் வேறு சிக்கல்.

கேள்வி (குன்னூர்): சுவர் கட்டி நான்கு வருடம். குழாய்களில் ஒரு சொட்டுத் தண்ணீர் வந்ததில்லை. நல்லதுதானே?

பதில்: பெருமழை நின்ற மறுநாள் போய்ப் பாருங்கள். குழாய் வறண்டிருக்க, கல் இணைப்புகளில் ஈரமும் வெள்ளைப் பூப்பும் தெரிந்தால் அடைப்புதான். 3 மீட்டருக்குத் தண்ணீர் தேங்கினால் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் தண்ணீர் மட்டுமே நாலரை டன் விசையில் தள்ளும். வடிந்த மண் தள்ளுவது ஏறத்தாழ மூன்று டன்னுக்குள் இருக்கும்.

ஒரு கம்பியை மெதுவாக உள்ளே செலுத்துங்கள். ஒருமுறை நான் அப்படிச் செலுத்தியபோது கம்பி மெத்தென்று நின்றது. கொக்கி போட்டு இழுத்தால் சிமெண்ட் சாக்கு வந்தது. கட்டும்போது கலவை போகாமலிருக்க உள்முனையில் அடைத்ததை எடுக்காமலே மண் நிரப்பியிருந்தார்கள். அந்த வரிசை முழுக்க அப்படியே.

கலங்கிய மண் தண்ணீர் கொட்டினாலும் சும்மா இருக்காதீர்கள், பின்னால் மண் கரைகிறது என்று பொருள். மேல் தரை குழிகிறதா என்று பாருங்கள். புதிதாகத் துளையிட்டு, துணி சுற்றிய ஓட்டைக் குழாயைச் செருகுவதுண்டு. ஆனால் சுவர் ஏற்கெனவே சாய்ந்திருந்தால் துளையிடலாமா என்பதை நேரில் பார்த்த பொறியாளர்தான் சொல்ல வேண்டும். தூக்கு நூலைத் தொங்கவிட்டு அளந்த எண்ணை முதலில் அனுப்புங்கள்.