காலியாக இருந்தும் ஏன் கொடுக்கவில்லை? பேங்கர்ஸ் அல்காரிதம்: கேள்வி-பதில்

கேள்வி: 3 யூனிட் காலி. P3 என்ற பிராசஸ் கேட்பது ஒன்றுதான். இருந்தும் என் புரோகிராம் காக்க வைக்கிறது. பிழையா?

பிழை இல்லை. எல்லா பிராசஸும் தங்கள் உச்சத் தேவையைக் கேட்டாலும் ஒவ்வொன்றாக முடிக்க வழி இருந்தால்தான் பேங்கர்ஸ் அல்காரிதம் யூனிட்டைக் கொடுக்கும். நீங்கள் அனுப்பிய அட்டவணையில் மொத்தம் 10 யூனிட். P1 கையில் 4, உச்சத் தேவை 8. P2 கையில் 2, உச்சம் 5. P3 கையில் 1, உச்சம் 7. கேட்டதைக் கொடுத்துவிட்டதாக வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். காலி 2 ஆகிறது. P1-க்கு இன்னும் 4 வேண்டும், P2-க்கு 3, P3-க்கு 5. இரண்டை வைத்து எந்த பிராசஸையும் முடிக்க முடியாது. அதே ஒரு யூனிட்டை P2 கேட்டிருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம். அதற்கு மீதி வேண்டியது 2, காலியும் 2. அது முடிந்ததும் 5 திரும்பும், அதில் P1 முடியும், அப்புறம் P3. எப்போதும் கொடுத்துப் பார்த்த பிறகே சோதனை.

கேள்வி: அப்படியானால் P3-க்குக் கொடுத்தால் டெட்லாக் வந்துவிடும், சரிதானே?

சரியில்லை. இந்தக் குழப்பம் வாராவாரம் வருகிறது. பாதுகாப்பற்ற நிலை வேறு, டெட்லாக் வேறு. எல்லா பிராசஸும் முடியும் என்று உறுதி சொல்ல முடியாதது பாதுகாப்பற்ற நிலை; ஒன்றுக்காக ஒன்று காத்து எதுவும் நகர முடியாமல் நிற்பது டெட்லாக். மேலே சொன்ன நிலையில் எல்லா பிராசஸும் ஓடிக்கொண்டேதான் இருக்கின்றன. P3 மேற்கொண்டு எதுவும் கேட்காமல் ஒரு யூனிட்டைத் திருப்பிக் கொடுத்தால் காலி 3 ஆகும், P2 முடிந்துவிடும், ஒரு சிக்கலும் இல்லை. ஆனால் மூன்றும் தங்கள் உச்சத் தேவையைக் கேட்டு, கையில் இருப்பதை விடாமல் நின்றால் யாரும் நகர முடியாது. அப்படி நிற்க மாட்டார்கள் என்று உறுதி சொல்ல சிஸ்டத்திடம் எந்த ஆதாரமும் இல்லை. அதனால்தான் மோசமான நிலையை வைத்துக் கணக்குப் போடுகிறது. இதற்கு ஒரு விலை உண்டு: டெட்லாக்கே வராத கோரிக்கைகள் சிலவும் காக்க வைக்கப்படும். தேர்வில் 'பாதுகாப்பற்ற நிலை என்றால் டெட்லாக்' என்று எழுதாதீர்கள். டெட்லாக் ஆன நிலை எல்லாமே பாதுகாப்பற்றது, ஆனால் பாதுகாப்பற்றது எல்லாம் டெட்லாக் ஆகாது.

கேள்வி: காலி யூனிட்களின் கணக்கை வைத்திருக்கும் `Work` கடைசியில் 23 வருகிறது. ஏன்?

இருப்பதே 10 யூனிட்தானே, 23 எப்படி வரும் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். உச்சத் தேவையைக் கூட்டியிருக்கிறீர்கள்: 3, அப்புறம் 8, அப்புறம் 16, கடைசியில் 23. முடிந்த பிராசஸ் திருப்பித் தருவது அதன் கையில் இருப்பதைத்தான்:

```
Work = Work + Allocation[i]
```

இப்போது 3, 5, 9, 10. எல்லாம் முடிந்தபின் `Work` மொத்த யூனிட்டுக்குச் சமமாக இல்லையென்றால் கணக்கில் தவறு.

கேள்வி: ஒரே சமயத்தில் இரண்டு பிராசஸ் முடியக்கூடிய நிலையில் இருந்தால் எதை முதலில் எடுப்பது?

எதையும். முடியும் ஒவ்வொன்றும் `Work`-ஐக் குறைக்காது, அதனால் பின்னால் திரும்பி வந்து வேறு வரிசை பார்க்க வேண்டியதில்லை.

கேள்வி: நானும் ஓர் அட்டவணை அனுப்பியிருக்கிறேன். சரிபார்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் அட்டவணையில் உச்சத் தேவை என்ற பத்தியே இல்லை. அது முன்கூட்டியே தெரியாமல் இந்த அல்காரிதம் நடக்காது.

கேள்வி: சாதாரண கணினிகளில் இது ஏன் ஓடுவதில்லை?

அதே காரணம்தான். எந்த புரோகிராமும் தன் உச்சத் தேவையைத் தொடங்கும்போதே சொல்வதில்லை. பிராசஸ்களும் வந்துபோய்க்கொண்டே இருக்கின்றன.