பிரெஞ்சு நண்பனின் கல்யாண விருந்தில் வாழ்த்துச் சொல்ல நான்கு வரி

"நண்பனுக்குக் கல்யாணம், விருந்தில் பிரெஞ்சில் வாழ்த்தச் சொல்கிறார்கள். எளிமையாக என்ன பேசலாம்?"

எழுந்து, கண்ணாடிக் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு, நிதானமாக இதைச் சொல்லுங்கள்:

ஷெர்ஸமி, ஜ ஸ்வி த்ரேஸ் எரே தெத்ர் அவெக் வூ ஸ ஸ்வார்.
ஜ வூ ஸ்வெத் போகூ த பொனெர்.
லெவோன் நோ வெர்.
ஓ மரியே!

அன்பு நண்பர்களே, இன்றிரவு உங்களோடு இருப்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம், நீங்கள் மிகவும் மகிழ்ச்சியாக வாழ வாழ்த்துகிறேன், கோப்பைகளை உயர்த்துவோம், மணமக்களுக்காக! பேசுவது பெண் என்றால் 'எரே' என்பது 'எரேஸ்' ஆகும். நண்பனைத் தனியாக 'தூ', அதாவது நீ, என்று அழைப்பவராக இருந்தாலும் இங்கே நீங்கள் என்று பொருள்படும் 'வூ' தான் சரி, இருவரையும் சேர்த்துப் பேசுகிறீர்களே.

முதல் வரியைச் சபையைப் பார்த்தும், இரண்டாவதை மணமக்களைப் பார்த்தும் சொல்லுங்கள். அங்கே நிறுத்தி, நண்பனைப் பற்றி ஒரு சொந்த வரி சேர்க்கலாம்: 'தூ எ அன் அமி ஃபிதேல்', நீ விசுவாசமான நண்பன். இந்த ஒரு வரியில் மட்டும் அவனை நேராகப் பார்த்து 'தூ' என்றே சொல்லுங்கள். 'ஓ மரியே' சொன்னதும் எல்லோரும் கோப்பையைத் தட்டுவார்கள். தட்டும்போது எதிரே இருப்பவர் கண்ணைப் பார்ப்பது பிரெஞ்சுக்காரர்கள் எதிர்பார்க்கும் மரியாதை. மது வேண்டாமென்றால் பழச்சாறு போதும்.