புதுச் சிட்டி எண்ணெய் குடித்தால்

"பேத்தி ரொறன்ரோவில. விளக்கீட்டுக்கு வெள்ளவத்தையிலிருந்து வீடியோ கோலில பழக்கிறன். புதுச் சிட்டி கொஞ்ச நேரத்தில அணையுது, தட்டெல்லாம் எண்ணெய். என்ன பிழை?"

அம்மா, சிட்டியை ஊறவைக்காததுதான் பிழை. சுட்ட மண் எண்ணெயை உறிஞ்சி அடியால் கசியவிடும். திரிக்கு ஒன்றும் மிஞ்சாது. முதல்நாள் இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டு, காலையில் எடுத்துத் துடைத்து மாலைவரை நிழலில் காயவிடச் சொல்லுங்கள். ஈரம் இருந்தால் சுடர் படபடவென வெடிக்கும்.

பஞ்சுத்திரி இரண்டைச் சேர்த்து முறுக்கி, நல்லெண்ணெயில் முழுதாக நனைத்து, நுனியை மட்டும் பிழிந்துவிட்டு, கால் அங்குலம் வெளியே நிற்க வைக்கட்டும். அதிகம் நீண்டால் புகையும், கருகும். தென்முகம் வேண்டாம், கிழக்கு அல்லது வடக்கு. முதலில் சாமியறை விளக்கு, அதிலிருந்து சிட்டிகள். அணைக்கும்போது ஊதவிடாதீர்கள், குச்சியால் திரியை எண்ணெய்க்குள் இழுத்தால் போதும்.

நேரத்தையும் பாருங்கள். கார்த்திகையில் உங்களுக்கு மாலை ஆறரை என்றால் அவளுக்குக் காலை எட்டு. நீங்கள் ஏற்றும்போது அவள் பார்த்துப் பழகட்டும். அவளுடைய விளக்கு அங்கே பொழுதுபடும்போதுதான் ஏற்றவேண்டும். அப்போது இங்கே விடியப்புறம் மூன்றேகால் அளவில் இருக்கும்.